தகரப் பெட்டியில் கிடைத்த 1945 கடிதம்: கீழே என்ன எழுதலாம்?

வைகைக்கரை
எல்லோருக்கும் வணக்கம். சிவகங்கை பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டுகிறோம். பரண் மேலிருந்த தகரப் பெட்டியில் பழைய பத்திரம், வரி ரசீதுகளோடு ஒரு கடிதம் கிடைத்தது. என் தாத்தாவுக்கு அவருடைய அண்ணன் பினாங்கிலிருந்து எழுதியது. தை மாதம் குடும்பமெல்லாம் கூடுகிறோம். அப்போது இதைச் சட்டம் போட்டு வைத்து, அடியில் சின்ன அட்டையில் ஒரு குறிப்பு எழுத ஆசை. அட்டை இரண்டு விரல் உயரம்தான், ஆகவே சில வார்த்தைகள் போதும். படிப்பவர் ஒரு நிமிடம் நின்று கடிதத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நான் எழுதிப் பார்த்தது: "காலத்தால் மஞ்சளேறிய இக்கடிதம், கடல் கடந்து வாழ்ந்த அண்ணனின் பாசத்தை இன்றும் சுமந்து நிற்கிறது. போரின் இருளைத் தாண்டி வந்த அன்பின் சாட்சி."

படம் இணைத்திருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை வாசகம்:

"உ
பினாங் பார்த்திப ௵ கார்த்திகை ௴ 11௳
தம்பிக்கு எழுதிக்கொண்டது இவ்விடம் நான் சவுக்கியமாய் இருக்கிறேன் அவ்விடம் அம்மா முதல் எல்லோர் சவுக்கியத்துக்கும் எழுதவும் முன் போட்ட காகிதம் கிடைத்ததோ இல்லையோ தெரியவில்லை ஜப்பான் நோட்டெல்லாம் செல்லாமல் போய்விட்டது கடை இனிமேல்தான் திறக்க வேணும் நான் (புரியவில்லை) யில்தான் இருக்கிறேன் செவலை கன்று போட்டதா என்ன கன்று என்று எழுதவும்"

அதற்குக் கீழே இரண்டு வரி மடிப்பில் தேய்ந்துவிட்டது, பிறகு கையொப்பம். அவ்வளவுதான்.

மழைக்காதலி
படித்ததும் மனசு என்னவோ செய்தது! உங்கள் குறிப்பு நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கவிதையாக இருக்கலாம். என் முயற்சி: "மையின் ஈரம் காய்ந்தாலும் மனதின் ஈரம் காயவில்லை."

நிழற்படம்
படம் இடது மூலையில் இருட்டாக இருக்கிறது. மேலிருந்து விளக்கு அடிக்காதீர்கள். காலை வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். மடிப்பும் பேனா அழுத்தமும் எழும்பித் தெரியும். அந்தத் தேய்ந்த இரண்டு வரியில்கூட ஏதாவது எழுத்து பிடிபடலாம். கேமராவைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடிக்க வேண்டும், சாய்த்தால் வரிகள் கோணலாகும்.

வைகைக்கரை
நன்றி அண்ணா, மறுபடி எடுக்கிறேன். ஆனால் நான் கேட்டது படம் எடுப்பது பற்றியில்லை, அடியில் எழுதும் குறிப்பு பற்றி.

ஏட்டுச்சுவடி
தம்பி, நான் நூலகத்தில் பழைய காகிதங்களோடு நெடுநாள் வேலை பார்த்தவள். கண்காட்சிக்குக் குறிப்பு எழுதுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. உங்கள் வாசகத்தைப் பற்றி நேராகச் சொல்லலாமா?

"மஞ்சளேறிய" என்பது கண்ணுக்குத் தெரிகிறது, எழுத வேண்டியதில்லை. "பழைய" என்பதும் அப்படியே. "பாசம்", "அன்பு" என்ற சொற்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அந்த மனிதர் எழுதாததை நீங்கள் அவர் வாயில் வைக்கிறீர்கள். அப்புறம், இந்தக் குறிப்பை எடுத்து வேறு எந்தக் குடும்பத்தின் கடிதத்துக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்திவிடும். மழைக்காதலியின் வரியும் அப்படித்தான், கோபிக்க வேண்டாம் அம்மா.

குறிப்பின் வேலை, பார்ப்பவர் கண்ணால் காண முடியாததைச் சொல்வது. யார் எழுதினார், யாருக்கு, எங்கிருந்து, எப்போது. இந்தக் கையெழுத்தை இன்றைய பிள்ளைகள் படிக்க மாட்டார்கள், ஆகவே கடிதத்திலிருந்து ஒரே ஒரு வரி அச்செழுத்தில். அந்த வரியை நீங்கள் ஏற்கெனவே கடைசியில் வைத்திருக்கிறீர்கள்: "செவலை கன்று போட்டதா என்ன கன்று என்று எழுதவும்."

உறையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள். தேதியை உறுதி செய்யாமல் ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

வைகைக்கரை
உறை இதோ. தலையில் அரசர் படம் போட்ட தபால்தலை, அதன் மேல் கறுப்பில் பி.எம்.ஏ. மலாயா என்று அச்சிட்டிருக்கிறது. முத்திரையில் பினாங்கு மட்டும் தெரிகிறது, தேதி மை அப்பிவிட்டது. பின்புறம் இன்னொரு முத்திரை, எங்கள் பக்கத்து அஞ்சலகம். அதில் டிசம்பர் என்று மட்டும் படிக்க முடிகிறது. முகவரியில் ராமநாதபுரம் ஜில்லா என்று இருக்கிறது.

தபால்தலைப் பித்தன்
அருமையான உறை! பி.எம்.ஏ. என்றால் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம். ஜப்பான் சரணடைந்த பிறகு மலாயாவை ராணுவம்தான் ஆண்டது. அது 1945 செப்டம்பரில் வந்து 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி முடிந்தது. எனவே இந்தக் கடிதம் அந்த ஏழு மாதத்துக்குள் எழுதியது என்று அடித்துச் சொல்லலாம்.

ஒரு சந்தேகம். நீங்கள் சிவகங்கை என்கிறீர்கள், முகவரியோ ராமநாதபுரம் ஜில்லா. வேறு குடும்பத்துக் கடிதம் பெட்டியில் கலந்திருக்குமோ?

குறிப்புக்கு என் யோசனை: "போர் முடிந்தபின் மலாயாவிலிருந்து வந்த முதல் கடிதம், 1945 செப்டம்பர் – 1946 மார்ச்."

ஏட்டுச்சுவடி
ஐயா, பாதி சரி. அந்த மேலச்சுத் தலைகள் 1945 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தன, ஆகவே செப்டம்பர் கிடையாது. ராணுவ நிர்வாகம் 1946 ஏப்ரலில் முடிந்ததும் சரிதான். ஆனால் தலைகள் அன்றோடு நின்றுவிடவில்லை, அதற்குப் பிறகும் புழக்கத்தில் இருந்தன. எனவே தபால்தலை நமக்குச் சொல்வது ஒன்றுதான்: 1945 அக்டோபருக்கு முன்னால் இல்லை. மேல் எல்லையை அது சொல்லாது.

மேல் எல்லையைச் சொல்வது கடிதத்தின் தலையில் இருக்கும் தமிழ்த் தேதி. பார்த்திப வருடம் 1945 சித்திரையில் தொடங்கி 1946 பங்குனியில் முடிகிறது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும், ஆனால் 1885-ம் 2005-ம் இந்தத் தபால்தலைக்குப் பொருந்தாது. கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில். 11 என்றால் நவம்பர் 26 வாக்கில். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்னே பின்னே வரும், அதனால் குறிப்பில் நாளைப் போட வேண்டாம். "1945 நவம்பர்" போதும். பின்பக்க டிசம்பர் முத்திரை இதோடு சரியாக உட்காருகிறது. எழுதிய தேதியும் வந்து சேர்ந்த முத்திரையும் ஒன்றையொன்று தாங்கினால் தைரியமாக எழுதலாம்.

சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முன் எல்லாமே ராமநாதபுரம்தான். கடிதம் இடம் மாறவில்லை.

"முதல் கடிதம்" மட்டும் கூடாது. "முன் போட்ட காகிதம் கிடைத்ததோ இல்லையோ" என்று அவரே எழுதியிருக்கிறார். இதற்கு முன்னால் குறைந்தது ஒன்றாவது போட்டிருக்கிறார். நம் கையில் கிடைத்த ஒன்று என்பதால் அது முதலாவது ஆகிவிடாது.

தபால்தலைப் பித்தன்
பார்த்திப வருடத்தை நான் கவனிக்கவில்லை. மாவட்ட விஷயமும் தெளிவு. ஆனால் தலைகள் ராணுவ நிர்வாகத்துக்குப் பிறகும் ஓடின என்பதை நான் என் தொகுப்பில் முத்திரைகளோடு ஒப்பிட்டுவிட்டு ஒத்துக்கொள்கிறேன்.

தைப்பிங் வாசி
மலேசியாவிலிருந்து வணக்கம். உங்களுக்குப் புரியாத வார்த்தை "கிட்டங்கி" என்று நினைக்கிறேன். படத்தைப் பெரிதாக்கினால் "ட்ட" நன்றாகத் தெரிகிறது. பினாங்கு வீதியில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான வீடு, முன்னால் கணக்குப் பெட்டிகள், வட்டிக் கடைக்காரர்களும் கணக்கப்பிள்ளைகளும் அங்கேயே தொழில் செய்து அங்கேயே படுப்பார்கள். உங்கள் பெரிய தாத்தா கடைச் சிப்பந்தியாக இருந்திருந்தால் இது பொருந்துகிறது.

ஜப்பான் நோட்டை எங்கள் பக்கம் வாழைமர நோட்டு என்பார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும். பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டது. கையில் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் போனவர்கள் நிறையப் பேர். அந்த ஆள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அடுத்து மாட்டைப் பற்றிக் கேட்கிறார் பாருங்கள்.

மேலூர் விவசாயி
நான் படித்த உடனே அந்த மாட்டு வரியில்தான் நின்றுவிட்டேன். ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்தது 1941 கடைசியில். அதற்குப் பிறகு இங்கிருந்து காகிதம் போயிருக்காது. அப்படியென்றால் செவலை சினையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது 1941-க்குள். நாட்டு மாடு சினை ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. கன்று 1942-க்குள் விழுந்திருக்கும். அது கிடேரியாக இருந்திருந்தால், நாலு வருஷத்தில் அதுவே முதல் கன்று போடுகிற வயசு. இவர் 1945-இல் உட்கார்ந்து கன்று பிறந்துவிட்டதா என்று கேட்கிறார். இதைக் குறிப்பில் எழுதுங்கள் தம்பி. "நான்கு வருடம் கழித்துக் கேட்ட கேள்வி" என்று போடுங்கள்.

மழைக்காதலி
ஐயோ, இது தெரியாமலேயே நான் கடந்துபோய்விட்டேன். அதையேதான் போட வேண்டும்!

ஏட்டுச்சுவடி
மேலூர் ஐயா கணக்கு எனக்கும் பிடித்திருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் குறிப்பில் அதை உறுதியாக எழுத நம்மிடம் ஆதாரம் போதாது. அவருக்குக் கடைசியாகத் தகவல் கிடைத்தது எப்போது என்று கடிதத்தில் இல்லை. போர் முடிந்த பிறகு ஊரிலிருந்து யாராவது கப்பலில் போய் நேரில் சொல்லியிருக்கலாம். செவலை அந்த வருடம்தான் சினை பிடித்ததாகக்கூட இருக்கலாம். "முன் போட்ட காகிதம் கிடைத்ததோ இல்லையோ" என்பது பதில் வரவில்லை என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

பெட்டியில் எப்போதும் பாதி உரையாடல்தான் கிடைக்கும். தம்பி எழுதியவையெல்லாம் பினாங்குக்குப் போய்விட்டன. அந்தப் பாதியைக் குறிப்பு எழுதுபவர் தன் யூகத்தால் நிரப்பக் கூடாது.

ஆனால் நிரப்பாமலும் காட்ட முடியும். தேதியையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் "ஆனாலும்", "இத்தனைக்கும் பிறகு" என்று எதுவும் வேண்டாம். மேலூர் ஐயா போல மாடு தெரிந்தவர் தானே கணக்குப் போடுவார். போடாதவருக்கும், நோட்டு செல்லாமல் போன ஊரிலிருந்து ஒருவர் மாட்டைக் கேட்கிறார் என்பது தெரியும்.

மேலூர் விவசாயி
நியாயம்தான் அம்மா. ஆனால் ஊர் மனுஷன் ஒருத்தன் நேரில் போய்ச் சொல்லியிருந்தால் கன்று போட்டதையும் அவனே சொல்லியிருப்பானே. எனக்கு என் கணக்கில்தான் நம்பிக்கை.

கோட்டையூரான்
எங்கள் வீட்டில் ரங்கூன் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது. ஒட்டும் பிளாஸ்டிக் நாடா போட்டு ஒட்டி வைத்தார்கள். இப்போது நாடா இருந்த இடமெல்லாம் தேன் நிறத்தில் கறை, எழுத்து மங்கிவிட்டது. நாடாவை எடுக்க முடியுமா? வெந்நீர் ஆவி காட்டலாம் என்கிறார்கள். இவரும் சட்டம் போடுவதற்கு முன் லேமினேஷன் செய்துவிடுவது நல்லதுதானே?

ஏட்டுச்சுவடி
ஆவி காட்டாதீர்கள். பழைய பேனா மை ஈரம் பட்டால் கசியும், பசை இன்னும் ஆழமாக இறங்கும். நாடா தானாக உரிந்து வருகிற இடத்தில் மட்டும் எடுத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் இடத்தைக் காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தனி இழை தொடங்கினால் விவரமாக எழுதுகிறேன்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் சேர்ந்து காகிதத்தைப் பிடித்துவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. வைகைக்கரை தம்பி, சுவரில் மாட்டுவது நல்ல அச்சு நகலாக இருக்கட்டும். அசல் கடிதம் அமிலமில்லாத காகித உறைக்குள், மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, இருட்டில். நீல மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

வைகைக்கரை
எல்லோருக்கும் மிக்க நன்றி. அப்பாவிடம் கேட்டேன். பெரிய தாத்தா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் கணக்கு எழுதினார், பிற்பாடு ஊர் திரும்பி இங்கேதான் இருந்தார் என்றார். செவலையைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்:

"பினாங்கு, 1945 நவம்பர். ஜப்பானியர் ஆட்சி முடிந்து மூன்றாவது மாதம். பெரியப்பா தம்பிக்கு எழுதியது: 'செவலை கன்று போட்டதா என்ன கன்று என்று எழுதவும்.'"

எண்ணிப் பார்த்தால் பதினெட்டு சொற்கள். அட்டையில் மூன்று வரியில் அடங்கும்.

ஏட்டுச்சுவடி
நன்றாக வந்திருக்கிறது. இரண்டு இடம் மட்டும்.

"பெரியப்பா" யாருக்குப் பெரியப்பா? உங்கள் அப்பாவுக்கு. உங்களுக்கு அவர் பெரிய தாத்தா, உங்கள் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே. குறிப்பைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் உறவுமுறை மாறும். கையொப்பத்தில் இருக்கும் பெயரையே போட்டுவிடுங்கள், தம்பியின் பெயரையும். வீட்டுக்குள் மாட்டுவது, அதனால் பெயரில் தயக்கம் வேண்டாம். இங்கே இழையில் போட வேண்டாம்.

அப்புறம் மேற்கோள். அவர் நிறுத்தக்குறி போடவில்லை. "போட்டதா?" என்று கேள்விக்குறி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். ஒரே மூச்சில் "போட்டதா என்ன கன்று" என்று போவதில்தான் அவர் குரல் இருக்கிறது. நடுவில் சொல் எதையும் விட்டால் மூன்று புள்ளி வைக்க வேண்டும், இங்கே அதற்கு அவசியமில்லை.

தைப்பிங் வாசி
அக்கா சொல்வதில் ஒன்றுக்கு நான் மாறுபடுகிறேன். பெயர் போட்டால் அட்டை ஆவணம் போல ஆகிவிடும். "அண்ணன் தம்பிக்கு எழுதியது" என்று இருந்தால் எந்தத் தலைமுறைக்கும் உறவு மாறாது, பெயரும் வேண்டாம். யார் அந்த அண்ணன் என்று பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் சொல்லட்டும்.

தபால்தலைப் பித்தன்
பெயரில்லாமல் வைத்தால் இன்னும் முப்பது வருடத்தில் சொல்வதற்குப் பெரியவர் இருக்க மாட்டார். நான் வாங்கிய எத்தனையோ உறைகளுக்கு அந்த கதி. ஏட்டுச்சுவடி அம்மா பக்கம்தான் நான்.

மழைக்காதலி
"ஜப்பானியர் ஆட்சி முடிந்து மூன்றாவது மாதம்" என்பதை எடுத்துவிட்டால் என்ன? 1945 என்றாலே தெரியுமே. ஊரும் மாதமும், அடுத்த வரியில் கன்று. இன்னும் அமைதியாக இருக்கும்.

வைகைக்கரை
பெரியவர்களுக்குத் தெரியும். என் அக்கா பிள்ளைகளுக்கு 1945 ஒரு எண்தான். அந்த வரி இல்லாவிட்டால் அவர்களுக்கு இது சாதாரண நலம் விசாரிப்பாகப் போய்விடும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி வாசித்துப் பார்த்தேன், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மாதிரியும் அச்சடித்து, விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டிப் பார்க்கிறேன்.

பெயரை அட்டையின் பின்புறம் எழுதினால் இரண்டு பக்கமும் சமாதானம் ஆகுமா?

ஏட்டுச்சுவடி
பின்புறம் எழுதுவது நல்ல வழக்கம்தான். பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம். பெயர்கள், ஊர், தேதியை எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதும் இருக்கட்டும்: தமிழ் வருடம், தபால்தலை, டிசம்பர் முத்திரை. மேலூர் ஐயாவின் கன்றுக் கணக்கையும் "யூகம்" என்று குறிப்பிட்டு அங்கே எழுதிவைக்கலாம். அட்டையின் முகப்பில் இடமில்லாதவை அங்கே இருக்கும்.

ஆனாலும் முகப்பில் பெயர் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சட்டத்துக்குள் அட்டையைச் சேர்த்து ஒட்டாதீர்கள். தனியாக, கீழே வலப்பக்கம் வையுங்கள். முதலில் கண் கடிதத்துக்குப் போகட்டும்.

நிழற்படம்
பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த புதுப் படம் பார்த்தேன். தேய்ந்த இரண்டு வரியில் முதல் வரியின் நடுவில் "மழை" என்று எனக்குத் தெரிகிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தைப்பிங் வாசி
எனக்கு "விலை" மாதிரித் தெரிகிறது. முடிவெழுத்தைப் பாருங்கள், பழைய லை, கொம்பு மேலே வளைந்து போகிறது.

மேலூர் விவசாயி
கார்த்திகையில் எழுதியது. மழைதான் கேட்டிருப்பார்.